"இந்தாச்சு" கடை: பட்டப்பேர் போர்டுக்கு ஏறும் வழி

மாலை நாலரை மணிக்கு ஒரு தள்ளுவண்டி. வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது, மாவு தயாராக இருக்கிறது, ஆட்கள் வந்துவிட்டார்கள். "அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஒருவர் கேட்கிறார். கரண்டியைத் திருப்பிக்கொண்டே கடைக்காரர் சொல்கிறார்: "இந்தா, ஆச்சு." அடுத்தவர் கேட்டாலும் அதேதான், பத்தாவது ஆள் கேட்டாலும் அதேதான். சில மாதங்களில் கல்லூரிப் பையன்கள் அவரை "இந்தாச்சு அண்ணே" என்று கூப்பிட ஆரம்பிக்கிறார்கள். ஒரு வருடத்தில் அந்த முனைக்கே "இந்தாச்சு கடை முனை" என்று பேர் வந்துவிடுகிறது. அப்பா அம்மா வைத்த பெயர் ஆதார் அட்டையில் மட்டும் இருக்கிறது.

இந்தக் கட்டுரைக்காக உருவாக்கிய கடைக்காரர் இவர். ஆனால் இவருக்கு நடப்பதெல்லாம் தமிழ்நாட்டில் எந்தத் தெருக்கடைக்கும் நடக்கக்கூடியவை. வாடிக்கையாளர் வாயில் பிறந்த பேர் போர்டுக்கும், பிறகு வங்கிக் கணக்குக்கும், கடைசியில் டிரேட்மார்க் பதிவேட்டுக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது? வழியில் எங்கே சிக்கிக்கொள்கிறது? பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மாதக்கணக்கில் அலைகிறார்கள் என்பதால் வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இது போர்டில் எழுதத் தகுந்த பேர்தானா? மக்கள் வைக்கும் பட்டப்பேர்களில் பாதி, ஆளின் உடலையோ ஊரையோ சாதியையோ பிடித்துத் தொங்குபவை. கூப்பிடுகிறவர் வாயில் அது பாசமாகக் கூட இருக்கலாம். பெயிண்டில் எழுதி வண்டிமேல் ஏற்றினால் கடைக்காரரின் பிள்ளைகள் அதன் அடியில் நின்றுதான் தட்டு கழுவ வேண்டும். அவர் முழு மனதோடு "இதையே எழுதுங்க" என்று சொன்னால் ஒழிய, அப்படிப்பட்ட பேரை வேறு யாரும் முடிவு செய்து எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாடிக்கையாளர்கள் சேர்ந்து போர்டு வாங்கிப் பரிசளிக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் முதலில் அவரைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது சோதனை, அந்தப் பேர் அவரை மட்டும் காட்டுகிறதா என்பது. "மீசைக்காரர் கடை", "தாத்தா கடை" எல்லாம் தெருவுக்கு ஒன்று இருக்கும். "சூடான வடைக் கடை" என்றால் அது பேரே இல்லை, பொருளின் விவரம். டிரேட்மார்க் சட்டத்தில் 9-ஆம் பிரிவு, பொருளின் தன்மையை மட்டும் சொல்கிற சொற்களைப் பதிவு செய்ய மறுக்கிறது. நீண்ட காலப் பயன்பாட்டால் தனி அடையாளம் பெற்றுவிட்டதாக நிரூபித்தால்தான் விதிவிலக்கு. "இந்தாச்சு" இந்த இடத்தில் பிழைத்துக்கொள்கிறது. அது வடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அகராதியிலும் அப்படி ஒரு சொல் இல்லை. பொதுவான இரண்டு சொற்களை வாடிக்கையாளர்கள் நாக்கிலேயே ஒட்டவைத்து உருவாக்கிய புதுச்சொல் அது. நம் ஊரில் இப்படிக் கடைக்கு மக்கள் வைத்த பேர் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கும் இருட்டுக்கடை. மங்கலான வெளிச்சத்தில் நடந்த வியாபாரத்தைப் பார்த்து ஜனங்கள் சொன்னது, அல்வாவின் பேராகவே ஆகிவிட்டது. அல்வாவைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் பலம்.

இனி போர்டு. பெயிண்டரிடம் போவதற்கு முன் எழுத்துக்கூட்டலை முடிவு செய்ய வேண்டும். தமிழில் "இந்தாச்சு" என்பதில் குழப்பம் குறைவு. சிலர் "இந்தா ஆச்சு" என்று பிரித்து எழுதுவார்கள், அவ்வளவுதான். ஆங்கில எழுத்தில்தான் தலைவலி. `Inthachu`, `Indhachu`, `Indaachu` என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள். போர்டில் ஒன்று, உணவுப் பதிவில் ஒன்று, வங்கிக் கணக்கில் இன்னொன்று என்று போனால், கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு கடைகள். ஒரு துண்டுத்தாளில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் பேரை ஒரே ஒருமுறை எழுதி, அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, எந்த விண்ணப்பத்திலும் அதைப் பார்த்தே நிரப்புவது நல்லது. கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு செய்கிறவர் தன் இஷ்டத்துக்கு ஓர் எழுத்தைச் சேர்ப்பதுதான் இந்தக் கதையில் அடிக்கடி நடக்கிற விபத்து.

எழுத்தின் உயரத்துக்குப் பெயிண்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குலம். சாலையின் எதிர்ப்புறம் நாற்பது அடியில் இருந்து படிக்க வேண்டும் என்றால் நாலு அங்குல எழுத்து. தமிழுக்கு இதில் கூடுதலாக ஒரு விஷயம் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் போல் நம் எழுத்து ஒரே பட்டைக்குள் அடங்காது, மேலே புள்ளி வைக்க வேண்டும். நாலு அங்குலப் பட்டையில் நாலு அங்குல எழுத்தை நெருக்கி எழுதினால் புள்ளிக்கு இடம் இருக்காது. அதைச் சின்னதாக வைப்பார்கள், எண்ணெய்ப் புகை படிந்ததும் மறைந்துவிடும். அப்புறம் "இநதாசசு" என்றுதான் தெரியும். நாலு அங்குல எழுத்துக்குத் தகடு ஏழு அங்குலமாவது இருந்தால் புள்ளி மூச்சு விடும். தகரத் தகடு என்றால் முதலில் ரெட் ஆக்சைடு பிரைமர், அது காய்ந்த பிறகு எனாமல். பிரைமரை மிச்சம் பிடித்தால் ஒரு மழைக்காலத்தில் ஓரத்தில் துரு கிளம்பிப் பெயிண்டைத் தூக்கிவிடும். வாணலிக்கு நேர் மேலே போர்டை மாட்டவே கூடாது. வண்டியின் நெற்றியில், வாணலி இல்லாத பக்கமாக, வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் துடைக்க எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

போர்டு மாட்டிய அன்று செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று உண்டு. அதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. போர்டும் வண்டியும் இடமும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பெயிண்டரிடம் தேதி போட்டு, போர்டில் எழுதிய பேரைக் குறிப்பிட்டு ஒரு ரசீது வாங்க வேண்டும். "எதுக்குண்ணே பில்லு, நம்ம ஆளுதானே" என்பார். பரவாயில்லை, வாங்கி வையுங்கள். அதன் மதிப்பு பின்னால் வரும்.

இப்போது காகிதங்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படையான காகிதம் விற்பனைச் சான்றிதழ். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழு கணக்கெடுப்பு நடத்தி, அதன் அடிப்படையில் இதை வழங்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடக்க வேண்டும் என்கிறது சட்டம். இந்தச் சான்றிதழ் ஆளுக்குக் கொடுக்கப்படுவது. அதில் ஆதாரில் உள்ள பெயர்தான் இருக்கும், "இந்தாச்சு" இருக்காது. அதற்காக யாரும் பதறிப்போய் அரசிதழில் பெயர் மாற்றம் செய்யக் கிளம்ப வேண்டாம். தனி ஆள் நடத்தும் கடைக்குப் பேர் வைக்க ஆளின் பேரை மாற்றத் தேவையே இல்லை. "இன்னார், உரிமையாளர், இந்தாச்சு" என்று எழுதினால் சட்டத்துக்கு அது போதும். ஆளும் கடையும் ஒருவர்தான், பேர் இரண்டு. மற்ற எல்லாக் காகிதத்திலும் இந்த இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சிக்கல் முதலில் தெரியவருவது க்யூஆர் அட்டையில்தான். புது வாடிக்கையாளர் ஸ்கேன் செய்கிறார். போர்டில் "இந்தாச்சு", திரையில் வேறு யாரோ ஒருவர். "அண்ணே, வேற பேர் காட்டுது, உங்களுதானா?" என்று கேட்கிறார். கூட்ட நேரத்தில் ஆளுக்கு ஆள் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உடனே யாராவது ஒரு யோசனை சொல்வார்கள்: க்யூஆருக்குள் பேர் இருக்கிறது, அதை மாற்றி அச்சடித்தால் போச்சு. க்யூஆருக்குள் இருப்பது ஏறக்குறைய இப்படித்தான்:

```
upi://pay?pa=முகவரி@வங்கி&pn=INTHACHU
```

`pn` என்பது பணம் பெறுபவர் பேர். அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதாலேயே மோசடிக்காரர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அதனால் 2025 ஜூன் 30-க்குள், தனி நபர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் அனுப்பும் பணத்தில் வங்கிப் பதிவேட்டில் உள்ள பேரை மட்டுமே செயலிகள் காட்ட வேண்டும் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் உத்தரவிட்டது. ஆகவே சேமிப்புக் கணக்கோடு இணைந்த க்யூஆரில் எத்தனை முறை புது ஸ்டிக்கர் அடித்தாலும் ஆதார் பேர்தான் வரும். அட்டையின் மேல் "இந்தாச்சு" என்று அச்சிட்டு, அதன் கீழேயே கணக்கில் உள்ள பேரையும் சின்னதாக அச்சிடுவது தற்காலிக வழி. நேர்மையான வழியும்கூட. நிரந்தர வழி, கடைப் பேரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட்.

அந்த அக்கவுண்ட் திறக்கத்தான் வரிசை முக்கியமாகிறது. தனி ஆள் உரிமையில் நடக்கும் கடையின் பேரில் கணக்கு தொடங்க, உரிமையாளரின் அடையாள ஆவணத்தோடு, கடைப் பேரில் இரண்டு சான்றுகளை வங்கி கேட்கும். ரிசர்வ் வங்கியின் விதி அது. இரண்டு கொடுக்க இயலாது என்று வங்கிக்கு உறுதியானால், நேரில் வந்து பார்த்துவிட்டு ஒன்றை ஏற்றுக்கொள்ளவும் அதே விதி இடம் தருகிறது. அந்த இடத்தை நம்பிப் போவதை விட இரண்டையும் கையில் வைத்துக்கொள்வது மேல். கடைக்காரர்கள் பலர் முதல் நாளே வங்கிக்குப் போய், "கடைப் பேர்ல ஒண்ணுமே இல்லையேங்க" என்ற பதிலோடு திரும்புகிறார்கள்.

உணவுக் கடைக்கு அந்த இரண்டும் எளிதாகக் கிடைக்கும். ஒன்று, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு. `udyamregistration.gov.in` தளத்தில் ஆதார், பான் எண்ணோடு செய்வது. கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை. நிறுவனத்தின் பெயர் என்று கேட்கும் கட்டத்தில்தான் தவறு நடக்கும். அங்கே பலர் மறுபடியும் தன் பேரையே எழுதிவிடுகிறார்கள். அங்கே வர வேண்டியது பர்ஸில் இருக்கும் துண்டுத்தாளில் உள்ள கடைப் பேர். இன்னொன்று உணவுப் பாதுகாப்புப் பதிவு. தெருவோர உணவு வண்டிக்கு இது எப்படியும் வேண்டும். இதற்கு முன்பே சொந்தப் பேரில் எடுத்திருந்தால் புதிதாக எடுக்க வேண்டாம், `FoSCoS` தளத்தில் திருத்தம் கேட்டுக் கடைப் பேரைச் சேர்க்கலாம். இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுவிட்டுத்தான் வங்கி வாசலை மிதிக்க வேண்டும். ஒன்றில் `INTHACHU` என்றும் மற்றதில் `INTHACHU VADAI KADAI` என்றும் இருந்தால், கவுன்டரில் இருப்பவர் இரண்டும் வேறு என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

இதே நேரத்தில் கூகுள் மேப்பையும் பார்த்துவிட வேண்டும். கடைக்காரர் எதுவும் செய்யாமலே அவர் கடை அங்கே இருக்கலாம். வாடிக்கையாளர் யாராவது தனக்குத் தோன்றிய எழுத்துக்கூட்டலில் சேர்த்திருப்பார், சில நேரம் இரண்டு பேர் இரண்டு விதமாக. அந்தப் பதிவுகளை அழிக்கச் சொல்லக் கூடாது. அவற்றில் உள்ள பழைய விமர்சனங்களும் படங்களும் தேதியோடு நிற்கும் சாட்சிகள். உரிமை கோரி எடுத்துக்கொண்டு பேரைத் திருத்த வேண்டும். இரட்டைப் பதிவு இருந்தால் ஒன்றாகச் சேர்க்கக் கேட்க வேண்டும். உரிமையாளர்தானா என்று சரிபார்க்கப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். அதில் போர்டும் தெருவும், கடையை அவர்தான் நடத்துகிறார் என்பதும் தெரிய வேண்டும். போர்டு மாட்டுவதற்கு முன் இதை முயன்றவர்கள் தோற்பது இதனால்தான்.

மூன்றாவது வருடம், இரண்டு தெரு தள்ளி இன்னொரு வண்டியில் அதே "இந்தாச்சு" போர்டு தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் வைத்த பேர்தானே, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று அந்த ஆள் வாதிடுவார். இந்த வாதம் உலகத்தில் பழையது. அமெரிக்காவில் கோக்க-கோலாவை ஜனங்கள் "கோக்" என்று சுருக்கிக் கூப்பிட ஆரம்பித்தபோது, கம்பெனிக்கே அந்தச் சுருக்கம் பிடிக்கவில்லை. இன்னொரு நிறுவனம் "கோக்" என்ற ஒலியிலேயே தன் பானத்தை விற்றது. வழக்கு அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், 1920-இல் கோக்க-கோலாவுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஜனங்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது மனதில் யாருடைய பானத்தை நினைக்கிறார்கள் என்பதுதான் அங்கே கணக்கில் வந்தது. "கோக்" என்ற பேரைக் கம்பெனி தானே பதிவு செய்தது 1945-இல்தான்.

நம் நாட்டுச் சட்டமும் முதலில் பயன்படுத்தியவரைக் கைவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, ஒருவர் பின்னால் வந்து பேரைப் பதிவு செய்துகொண்டாலும், அதற்கு முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரைத் தடுக்க முடியாது என்கிறது. பதிவு செய்யாத பேருக்கும், பிறர் அதைப் போட்டு ஜனங்களை ஏமாற்றினால் வழக்குப் போடும் உரிமை உண்டு. ஆனால் "முதலில்" என்பதை வாயால் சொல்ல முடியாது, காட்ட வேண்டும். பெயிண்டர் ரசீது, போர்டு போட்டோ, உத்யம் பதிவின் தேதி, மேப்பில் உள்ள பழைய விமர்சனங்கள் எல்லாம் இங்கே வேலைக்கு வருகின்றன. இன்னொரு எளிய சாட்சி இருக்கிறது: எண்ணெய் மண்டியிலும் மளிகையிலும் பில் போடும்போது கடைப் பேரைப் போடச் சொல்வது. மாதம் நாலு பில் என்றால் வருடத்துக்கு நாற்பத்தெட்டு சாட்சி, ஒரு பைசா செலவில்லாமல்.

டிரேட்மார்க் விண்ணப்பத்துக்குத் தனி நபர் இணையவழியில் கட்ட வேண்டியது ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். படிவத்தின் பேர் `TM-A`. பொருள்களும் சேவைகளும் நாற்பத்தைந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உணவு சமைத்துப் பரிமாறுவது 43-ஆம் வகுப்பு. முறுக்கு, மிக்சர் மாதிரிப் பாக்கெட் பலகாரம் பெரும்பாலும் 30-இல் வரும். வண்டியில் சுடச்சுட விற்பவருக்கு இப்போதைக்கு 43 போதும். என்றாவது பாக்கெட் போடுவோம் என்று இன்றே எல்லா வகுப்புக்கும் பணம் கட்டுவது வீண். ஐந்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத பதிவை நீக்கச் சொல்லி, அதனால் பாதிக்கப்பட்ட எவரும் கேட்கலாம். பேர் தமிழ் எழுத்தில் இருந்தால், அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம், எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கும். வாடிக்கையாளர்கள் கூப்பிட ஆரம்பித்த வருடத்தைப் பெருமையாக எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. அந்தத் தேதிக்கு உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரமும் இணைக்க வேண்டும். கூப்பிட்ட குரலுக்கு ரசீது இல்லை. அவரே போர்டு மாட்டிப் பயன்படுத்தத் தொடங்கிய, காகிதத்தில் காட்ட முடிகிற நாள்தான் பாதுகாப்பு. மிகைப்படுத்தி எழுதிய தேதி பின்னால் எதிராளியின் வக்கீல் கையில் ஆயுதமாகும்.

விண்ணப்பித்த சில மாதங்களில் நிலை `Objected` என்று மாறினால் கதை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது நிராகரிப்பு இல்லை. பரிசோதகர் கேள்வி கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தெருக்கடைக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் கேள்வியின் கடினத்தால் இல்லை. அறிக்கை மின்னஞ்சலில் வருகிறது, அந்த மின்னஞ்சல் விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டருடையது, அங்கே யாரும் பார்க்கவில்லை. முப்பது நாள் போய்விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படலாம். மகளோ மகனோ தினமும் பார்க்கும் மின்னஞ்சலைக் கொடுப்பதுதான் இதற்கு மருந்து. பதில் ஏற்கப்பட்டால் பேர் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். நாலு மாதம் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு. அது பத்து ஆண்டு நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. விற்பனைச் சான்றிதழை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. வியாபாரி இறந்துவிட்டாலோ, நிரந்தர ஊனமுற்றாலோ, நோயுற்றாலோ, மனைவியோ கணவரோ அவரை நம்பியிருக்கும் பிள்ளையோ அதன் காலம் முடியும்வரை அந்த இடத்தில் தொடரலாம். பேர் அப்படியில்லை. பதிவான பேரை எழுத்து மூலம் யாருக்கும் மாற்றிக்கொடுக்கலாம், அது குடும்பச் சொத்தில் ஒன்றாகவே கணக்கில் வரும். மகன் வண்டியில் நிற்க, மகள் வேறு ஊரில் கடை போட நினைத்தால் இருவருமே "இந்தாச்சு" தனக்கென்று நினைப்பார்கள், இருவரும் நினைப்பதில் நியாயமும் இருக்கும். கடைக்காரர் உயிரோடு இருக்கும்போதே, யார் எங்கே இந்தப் பேரில் கடை நடத்தலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, இருவர் கையெழுத்தும் வாங்கி, பதிவுச் சான்றிதழோடு அதே உறையில் வைத்துவிட வேண்டும். பெயிண்டர் ரசீதும் அந்த உறையிலேயே இருக்கட்டும்.